பெட்டியில் 4,500 நிட், வெயிலில் எத்தனை?

ஃபோன் விளம்பரங்களில் திரையின் பிரகாசத்தைச் சொல்லும் நிட் கணக்கு ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. 2022ல் வந்த ஐஃபோன் 14 ப்ரோவின் விவரப் பட்டியலில் 2,000 நிட் என்று இருந்தது. 2024 தொடக்கத்தில் உலகச் சந்தைக்கு வந்த ஒன்பிளஸ் 12க்கு 4,500 நிட் என்றார்கள். எண் இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. அப்படியென்றால் உச்சி வெயிலில் இரண்டாவது ஃபோன் இரண்டு மடங்கு தெளிவாகத் தெரிய வேண்டும் அல்லவா? தெரியாது. ஏனென்றால் அந்த இரண்டு எண்களும் ஒரே விஷயத்தை அளந்து சொன்னவை அல்ல.

அந்த ஐஃபோனின் பட்டியலைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் மூன்று எண்கள் இருக்கும். வழக்கமான உச்சம் 1,000 நிட், இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே கூடுதல் வீச்சு கொண்ட எச்டிஆர் காட்சிகளுக்கு 1,600 நிட், வெளிப்புற வெளிச்சத்தில் 2,000 நிட். ஒன்பிளஸ் 12இன் பட்டியலிலும் 4,500க்குப் பக்கத்தில் இன்னொரு எண் உண்டு. பளிச்சிடும் வெளிச்சத்தில் திரை போகக்கூடிய அளவு 1,600 நிட். ஆக, வெயிலுக்கென்று இரண்டு நிறுவனங்களும் கொடுத்த எண்களை எடுத்துக்கொண்டால் 2,000க்கு எதிரே நிற்பது 1,600. விளம்பரத்தில் இரட்டிப்பாகத் தெரிந்தது இங்கே தலைகீழாகிவிடுகிறது. 4,500 என்பதும் பொய் இல்லை. அது வேறொரு கேள்விக்கான பதில், அவ்வளவுதான்.

சின்னப் புள்ளியின் உச்சம்

நிட் என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நம் கண்ணை நோக்கி எவ்வளவு ஒளி வருகிறது என்பதன் அளவு. பரப்பை வைத்துக் கணக்கிடுவதால் திரை பெரிதா சிறிதா என்பது அதில் தெரியாது. திரையின் ஒரு மூலையில் கடுகளவு இடம் மட்டும் 4,500 நிட்டில் ஒளிர்ந்தாலும் ‘4,500 நிட் திரை’ என்று சொல்லிக்கொள்ள இடம் இருக்கிறது. பெரும்பாலான உச்ச எண்கள் அப்படித்தான் பிறக்கின்றன: திரை முழுவதையும் கறுப்பாக்கி, நூற்றில் ஒரு பங்கு போன்ற ஒரு சின்ன இடத்தை மட்டும் வெள்ளையாக்கி அளப்பார்கள்.

ஓஎல்இடி திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே மின்சாரம் எடுத்துத் தானே ஒளிர்கிறது. திரை முழுவதும் வெள்ளை என்றால் எல்லாப் புள்ளிகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். அந்த மின்சாரத்தை பேட்டரியும் திரையின் உள்ளே ஓடும் மெல்லிய இணைப்புகளும் தாங்க வேண்டும், வெப்பம் வெளியேற வேண்டும், அந்தக் கரிமப் பொருள் சீக்கிரம் தேயாமலும் இருக்க வேண்டும். அதனால் மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பை வைத்து, வெள்ளைப் பரப்பு கூடக்கூட ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் ஃபோனே இறக்கிவிடுகிறது. இருண்ட வானத்தில் ஒரு நிலா என்றால் உச்சத்துக்குப் போகலாம். வரைபடம், மின்னஞ்சல், செய்திப் பக்கம் போல முக்கால்வாசி வெள்ளையாக இருக்கும் ஒன்றைத் திறந்தால் அந்த உச்சம் கிடைக்காது.

வெயிலில் நாம் திறப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். வழி தெரியாமல் வரைபடத்தைத் திறப்போம், வந்த செய்தியைப் படிப்போம், கேமராவில் சட்டகம் சரியா என்று பார்ப்போம். கறுப்புப் பின்னணியில் ஒற்றை நட்சத்திரத்தை யாரும் வெயிலில் நின்று ரசிப்பதில்லை.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். பிரகாசத்தை முழுக்க ஏற்றிவைத்து, கறுப்புப் பின்னணியில் சின்ன வெள்ளைச் சதுரம் உள்ள படம் ஒன்றைத் திறங்கள், அப்புறம் முழு வெள்ளைப் படம் ஒன்றுக்கு மாறுங்கள். பல ஓஎல்இடி திரைகளில் அந்தச் சதுரம் இருந்த இடம் சற்று மங்குவது தெரியும். கண்ணும் கூடவே பழகிக்கொள்வதால் வித்தியாசம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே படும். காகிதத்தில் சின்ன ஓட்டை போட்டு அதன் வழியாகப் பார்த்தால் ஏமாற வாய்ப்பு குறைவு.

எச்டிஆர் ஏன் வெயிலுக்கு உதவாது

உச்ச எண்ணுக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது எச்டிஆர் முத்திரை. எச்டிஆர்10+, டால்பி விஷன் என்று இரண்டு மூன்று பெயர்கள் இருந்தால் திரை எங்கேயும் பிரமாதமாகத் தெரியும் என்று நினைப்பவர்கள் அதிகம். இதில் முதல் குழப்பம், முத்திரை எதற்கு என்பது. ஃபோனில் எச்டிஆர் ஆதரவு என்றால் அந்த வகைக் காணொளியைப் பிரித்துப் படித்து, தன் திரையால் முடிந்த அளவுக்குச் சுருக்கிக் காட்டத் தெரியும் என்று பொருள். திரை எத்தனை நிட் தரும் என்பதற்கு அது உறுதிமொழி இல்லை. 500 நிட் திரையும் எச்டிஆர் கோப்பை ஓட்டும்.

இரண்டாவது குழப்பம் இன்னும் ஆழமானது. எச்டிஆர் அடிப்படையில் மங்கலான அறைக்காக வடிவமைக்கப்பட்ட தொழில்நுட்பம். பழைய முறைக் காணொளிகளை ஸ்டுடியோவில் சுமார் 100 நிட் திரையில் பார்த்துத்தான் நிறம் திருத்துவார்கள். எச்டிஆரில், 2014ல் திரைத்துறைத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் எஸ்எம்பிடிஈ அமைப்பு தரமாக்கிய பிக்யூ என்ற வளைவு 10,000 நிட் வரைக்கும் எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறது. அதில் ஒவ்வொரு எண்ணும் இத்தனை நிட் என்று நேரடியாகச் சொல்லும். இதைக் கேட்டதும் எச்டிஆர் என்றாலே கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த வளைவைப் பிரித்துப் பார்த்தால் வேறு கதை. பத்து பிட் எச்டிஆரில் இருக்கும் ஆயிரத்துச் சொச்சம் படிகளில் முதல் பாதி, சுமார் 92 நிட்டுக்குக் கீழே இருக்கும் இருட்டுக்கும் மங்கலுக்குமே போய்விடுகிறது. மனிதக் கண் இருட்டில்தான் நுணுக்கமான வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கும் என்பதால் படிகளை அங்கே நெருக்கமாக அடுக்கியிருக்கிறார்கள். மேலே மீதி இருப்பதுதான் சூரிய ஒளி தெறிக்கும் நீரலைக்கும் விளக்குச் சுடருக்கும்.

இப்போது இதை வெயிலுக்குக் கொண்டு போவோம். அங்கே கண்ணாடித் திரைமேல் வானம் பிரதிபலித்து, சொல்லப்போனால் ஒரு 250 நிட் வெளிச்சம் திரை முழுவதும் படிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். (இந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நேரத்தில் பார்க்கலாம்.) படத்தில் முழுக் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் 250 நிட்டாகத் தெரியும். 92 நிட்டாக இருக்க வேண்டிய இடம் 342 ஆகும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மடங்கு வித்தியாசம்கூட இல்லை. அத்தனை கவனமாக அடுக்கிய முதல் ஐந்நூறு படிகளும் இந்த ஒடுங்கிய இடத்துக்குள் நசுங்கிவிடுகின்றன. இருட்டுக் காட்சிகள் நிறைந்த படம் ஒன்றை வெளியில் பார்க்க முயன்றவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: கதாபாத்திரத்தைவிடத் தன் முகம்தான் திரையில் தெளிவாகத் தெரியும்.

எச்டிஆரின் மேல் பாதியும் வெயிலில் தப்புவதில்லை. எச்டிஆர் காட்சி கண்ணைக் கவர்வது, சாதாரண வெள்ளையைவிட எத்தனை மடங்கு மேலே போக முடிகிறது என்பதை வைத்துத்தான். அறைக்குள் பக்கத்தின் வெள்ளை 200 நிட், திரை எட்டக்கூடியது 1,600 என்றால் எட்டு மடங்கு இடம் இருக்கிறது. படத்தில் ஒரு தீப்பொறி அந்த எட்டு மடங்கில் மின்னும். வெயிலில் நின்றால் ஃபோன் சாதாரண வெள்ளையையே 1,000 நிட்டுக்கு ஏற்றிவிடுகிறது. மேலே மிஞ்சியது ஒன்றரை மடங்கு சொச்சம்தான். இன்னும் ஏற்றினால் அதுவும் இல்லை. 2023ல் ஆண்ட்ராய்டு 14உடன் வந்த அல்ட்ரா எச்டிஆர் புகைப்படங்கள் இந்த நிலைமையை முன்கூட்டியே எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை. ஒரே கோப்பில் சாதாரணப் படமும், எங்கே எவ்வளவு பிரகாசத்தைக் கூட்டலாம் என்ற குறிப்பும் இருக்கும். மேலே இடம் குறையக் குறைய அந்தக் குறிப்பைக் கொஞ்சமாகவே பயன்படுத்தி, கடைசியில் சாதாரணப் படத்தையே காட்டிவிடும். மாலையில் அறைக்குள் ஜொலித்த அதே படம் நண்பகலில் தட்டையாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். படத்திலோ ஃபோனிலோ கோளாறு எதுவும் இல்லை.

250 நிட் எங்கிருந்து வந்தது

சரி, இப்போது வெயில் கணக்குக்கே வருவோம். திரையைப் படிக்க முடிகிறதா என்பதைத் தீர்மானிப்பது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி விகிதம். அறைக்குள் ஓஎல்இடியின் கறுப்பு கிட்டத்தட்ட பூச்சியம் என்பதால் விகிதம் லட்சக்கணக்கில் போகும், விளம்பரங்களும் அதைப் பெருமையாகச் சொல்லும். வெளியே வந்ததும் அந்த லட்சத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் ஒரே அளவு பிரதிபலிப்பு வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே கணக்கு இப்படி ஆகிறது:

```
விகிதம் = (வெள்ளை + பிரதிபலிப்பு) ÷ (கறுப்பு + பிரதிபலிப்பு)
```

பிரதிபலிப்பு எவ்வளவு? சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பு, நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இது இயற்பியல் விதி, நிறுவனத்துக்கு நிறுவனம் பெரிதாக மாறாது. திரையின் உள் அடுக்குகளிலிருந்தும் கொஞ்சம் திரும்பி வரும். எல்லாம் சேர்த்து 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் பூச்சு இல்லாத ஒரு நல்ல ஃபோன் திரைக்குப் பொருந்தும்.

அடுத்து, எதன் 5 சதவீதம்? பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். ‘வெயில் ஒரு லட்சம் லக்ஸ்’ என்பார்கள். லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு. நேரடி நண்பகல் வெயிலுக்கு அது சரியான எண்தான். ஆனால் கண்ணாடி ஒளியைச் சிதறடிப்பதில்லை, திருப்பிக் காட்டுகிறது. அதனால் வெயில் எத்தனை லக்ஸ் என்பதைவிட, உங்கள் கண்ணிலிருந்து பார்த்தால் அந்தக் கண்ணாடியில் எது தெரிகிறது என்பதுதான் முக்கியம். சூரியனிலிருந்து விலகிய நீல வானம் என்றால் சுமார் 5,000 நிட். அதில் 5 சதவீதம் 250. வெயில் பட்டுப் பளீரென்று நிற்கும் வெண்மேகம் என்றால் 20,000 நிட்டைத் தொடலாம், பிரதிபலிப்பு 1,000. சூரியனே நேராகத் தெரிந்தால் கணக்குப் போட்டுப் பயன் இல்லை. அது நூறு கோடி நிட்டுக்கும் மேல், எந்தத் திரையும் அதோடு போட்டி போட முடியாது.

இப்போது மூன்று திரைகளை எடுத்துக்கொள்வோம். முழு வெள்ளைப் பக்கத்தில் 500, 1,000, 2,000 நிட் தரக்கூடியவை. நீல வானம் பிரதிபலிக்கும்போது விகிதம் முறையே 3, 5, 9 என்று வரும். வெண்மேகம் பிரதிபலிக்கும்போது 1.5, 2, 3. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், வலைப்பக்க அணுகல் விதிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 விகிதமும் பெரிய எழுத்துக்கு 3ம் கேட்கின்றன. அந்த விதிகள் நிறத் தேர்வுக்காக எழுதப்பட்டவை, கணக்கும் சற்று வேறு. ஆனாலும் வெயிலில் எது சிரமம், எது பரவாயில்லை என்று மதிப்பிட அந்த எண்கள் நன்றாகவே உதவும். அதன்படி நீல வானத்தின் கீழ் 1,000 நிட் திரை தேறுகிறது. மேகம் வந்தால் 2,000 நிட் திரைகூடப் பெரிய எழுத்துக்கு மட்டும்தான் தேறும்.

இது கறுப்பு எழுத்துக்கான கணக்கு. பல செயலிகளில் தேதி, விலாசம், துணைத் தகவல் எல்லாம் சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். அந்தச் சாம்பல் வெள்ளையின் ஐந்தில் ஒரு பங்கு ஒளியை விடுகிறது என்று கொள்வோம். 1,000 நிட் திரையில் அறைக்குள் விகிதம் 5, படிக்க எந்தக் கஷ்டமும் இல்லை. நீல வானத்தின் கீழ் வெள்ளை 1,250 ஆகவும் சாம்பல் 450 ஆகவும் மாறி, விகிதம் 2.8க்கு இறங்கிவிடும். ஒரே திரையில் தெருப் பெயர் தெரிகிறது, அதன் கீழே இருக்கும் தூரம் தெரியவில்லை என்றால் திரையைத் திட்டிப் பயன் இல்லை. அதை வடிவமைத்தவர் வெயிலில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். வெள்ளையைக் கூட்டுவதற்குப் பதிலாகப் பிரதிபலிப்பைக் குறைத்தால்? மேற்பரப்பில் எதிரொளி தடுக்கும் பூச்சு போட்டு மொத்தப் பிரதிபலிப்பை 5லிருந்து 2 சதவீதத்துக்கு இறக்கினால், நீல வானம் 100 நிட்டும் வெண்மேகம் 400 நிட்டும்தான் சேர்க்கும். இப்போது 1,000 நிட் திரையின் விகிதம் வானத்தில் 11, மேகத்தில் 3.5. பூச்சு இல்லாத 2,000 நிட் திரையையே இது முந்திவிடுகிறது, அதுவும் பாதி மின்சாரத்தில். 2024ல் கேலக்ஸி எஸ்24 அல்ட்ராவில் வந்த கொரில்லா ஆர்மர் கண்ணாடி, சாதாரணக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் மேற்பரப்புப் பிரதிபலிப்பை 75 சதவீதம் வரை குறைக்கும் என்று அதைத் தயாரிக்கும் கார்னிங் சொல்கிறது. அந்த ஃபோனின் உச்சம் 2,600 நிட் மட்டுமே. ஆனால் வெளியில் அது எண்ணிக்கையில் பெரிய ஃபோன்களுக்குச் சளைக்காமல் தெரிவதற்கு அந்தக் கண்ணாடிதான் காரணம். என் கருத்தில், விவரப் பட்டியலில் நிட்டுக்குப் பக்கத்தில் பிரதிபலிப்புச் சதவீதத்தையும் கட்டாயமாகப் போட வேண்டும். பெரும்பாலும் யாரும் போடுவதில்லை.

இந்தப் பூச்சுக்கு ஒரு பலவீனம் உண்டு. விரல் ரேகையின் எண்ணெய்ப் படலம் அதன்மேல் படிந்தால் அந்த இடத்தில் அது வேலை செய்யாது, கறை வழக்கத்தைவிட எடுப்பாகத் தெரியும். மலிவான பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை மேலே ஒட்டினால் பூச்சின் பலன் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும், ஏனென்றால் ஒளி முதலில் சந்திப்பது ஒட்டிய கண்ணாடியின் மேற்பரப்பைத்தான். பணம் கொடுத்து வாங்கிய சிறப்பை முதல் நாளே மூடி வைப்பவர்கள் ஏராளம்.

கறை விஷயம் பூச்சு இல்லாத திரைக்கும் பொருந்தும். தெளிவான கண்ணாடி ஒரு திசையில் மட்டும் திருப்பி அனுப்புவதால் கொஞ்சம் சாய்த்துத் தப்பிக்கலாம். தூசியும் எண்ணெயும் எல்லாத் திசையிலும் சிதறடிக்கும். நேரடி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸில் வெறும் 1 சதவீதம் சிதறினாலே 300 நிட்டுக்கு மேல் ஒரு வெண்படலம் திரைமேல் நிற்கும், எப்படிச் சாய்த்தாலும் போகாது. சட்டை நுனியில் ஒருமுறை துடைப்பது சில நேரம் ஐந்நூறு நிட்டுக்குச் சமம்.

திரையில் தெரிவது யார்?

ஃபோனை முகத்துக்கு நேராகப் பிடிக்கும்போது கண்ணாடியில் தெரிவது பெரும்பாலும் வானம் இல்லை, நீங்கள்தான். உங்கள் முகம், சட்டை, பின்னால் இருக்கும் சுவர். நேரடி வெயில் பட்ட வெள்ளைச் சட்டை சுமார் 25,000 நிட்டில் ஒளிரும். அதன் 5 சதவீதம் 1,250 நிட், வெண்மேகத்தைவிட மோசம். கருநீலச் சட்டை என்றால் அதன் பிரதிபலிப்பு 100 நிட்டைக்கூட எட்டாமல் போகலாம். ஒரே ஃபோன், ஒரே வெயில், சட்டையை மாற்றினால் விகிதம் ஏழெட்டு மடங்கு மாறிவிடும். இரண்டு பேர் ஒரே மாடலை வாங்கிக்கொண்டு ஒருவர் ‘அருமை’ என்றும் மற்றவர் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்றும் சொன்னால் இருவருமே உண்மை சொல்லக்கூடும்.

இதைச் சோதிக்க ஒரு நேரடி வழி: வெளியே நின்று திரையை அணைத்துவிடுங்கள். வழக்கமாகப் பிடிக்கும் கோணத்தில் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என்ன தெரிகிறதோ அதுதான் திரை வெல்ல வேண்டிய எதிரி. மெதுவாகச் சாய்த்து, மர நிழலோ உங்கள் கருத்த சட்டையோ மட்டும் தெரியும் கோணத்தைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் திரையை எழுப்புங்கள். நிறுவனம் கூட்டித் தரும் ஐந்நூறு நிட்டைவிட இந்தச் சாய்வு அதிகம் உதவும்.

சூரியனைப் பார்த்து நிற்கும்போது இன்னொரு சிக்கல் வருகிறது. அப்போது திரையின் முகம் நிழலில் இருக்கும், பல ஃபோன்களில் ஒளி உணரியும் அதே முகத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்பது அதற்குச் சரியாகத் தெரியாததால் பிரகாசத்தைத் தேவையான அளவு ஏற்றாது. உங்கள் முகத்திலோ முழு வெயில். கண் பாவை சுருங்கியிருக்கும். வெயில் பட்ட வெள்ளைத் தாள் 25,000 நிட்டில் ஒளிரும் சூழலுக்குப் பழகிய கண்ணுக்கு 1,000 நிட் திரை, விகிதம் நன்றாக இருந்தாலும், மங்கலாகத்தான் படும். நிட்டை இரட்டிப்பாக்கினால் பார்வைக்கு இரட்டிப்பாகத் தெரியாது, கால் பங்கு கூடியது போலத்தான் இருக்கும். 2,000க்கும் 2,600க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம்.

கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைக்கும் இருள் தோற்றமும் வெயிலில் காலை வாரும். கறுப்புப் பரப்பு கூடினால் அந்தத் திரை நல்ல கண்ணாடியாகிவிடுகிறது, பிரதிபலிக்கும் முகமும் வானமும் அதில் தெளிவாகத் தெரிந்து கவனத்தைச் சிதறடிக்கும். வெள்ளைப் பின்னணியில் அதே பிரதிபலிப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். முழு வெள்ளைக்கு ஓஎல்இடி பிரகாசத்தைக் குறைத்தாலும்கூட, வெளியே படிப்பதற்கு வெளிர் தோற்றமே நல்லது.

எத்தனை நிமிடம்?

இத்தனை கணக்கும் சரியாக வந்தபின் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது: அந்தப் பிரகாசம் எவ்வளவு நேரம் நிற்கும்? முதலில், பல ஃபோன்களில் வெளிப்புற உச்சம் தானியங்கிப் பிரகாசம் இயங்கினால்தான் கிடைக்கும். கையால் நகர்த்தும் பட்டையை முழுக்க ஏற்றினாலும் அதற்குக் கீழேயே நின்றுவிடும். வெயிலில் திரை போதவில்லை என்று தானியங்கியை அணைத்துவிட்டுக் கையால் ஏற்றப் பார்ப்பவர், கிடைக்க இருந்ததையும் இழக்கிறார்.

உச்ச நிலைக்கு நேரக் கட்டுப்பாடும் இருக்கலாம். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே அமைப்பு உண்டு. தயாரிப்பாளர் ஒரு கோப்பில் எந்த அளவு வெளிச்சத்துக்கு மேல் இந்த நிலை திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் அனுமதிக்கலாம் என்று எழுதிவைக்கிறார். மூல நிரலில் விளக்கத்துக்காகக் கொடுத்திருக்கும் மாதிரி இது:

```
<minimumLux>10000</minimumLux>
<timing>
  <timeWindowSecs>1800</timeWindowSecs>
  <timeMaxSecs>300</timeMaxSecs>
  <timeMinSecs>60</timeMinSecs>
</timing>
```

10,000 லக்ஸுக்கு மேல் வெளிச்சம் இருந்தால் உச்ச நிலை, ஆனால் எந்த 30 நிமிடத்திலும் மொத்தம் 5 நிமிடம் மட்டும். இது மாதிரிதான், ஒவ்வொரு ஃபோனிலும் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் விளம்பரம் சொல்லும் எண்ணுக்குப் பின்னால் இப்படியொரு கடிகாரம் ஓடலாம் என்பது தெரிந்திருந்தால், வழி பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை திடீரென்று ஒரு படி இறங்குவது புதிராக இருக்காது.

கடிகாரம் இல்லாவிட்டாலும் சூடு விடாது. நேரடி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் கொட்டுகிறது. ஏழரை சென்டிமீட்டர் அகலமும் பதினாறு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஃபோன்மேல் 12 வாட் விழும். கறுப்புத் திரை அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். முழுப் பிரகாசத்தில் ஃபோன் தானே உண்டாக்கும் வெப்பம் சில வாட்தான். வெயில் அதைவிட அதிகமாகவே ஊற்றுகிறது. ஐஃபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சூழல் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸ் வரைதான். அதைத் தாண்டிய காற்றில், வெயிலையும் நேராக வாங்கிக்கொண்டு இருக்கும் ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வெட்டுவது பிரகாசத்தைத்தான். பட்டை முழுக்க ஏறியிருக்கும், திரை மட்டும் மங்கியிருக்கும்.

இரண்டில் எது காரணம் என்பதை வேறுபடுத்திப் பார்ப்பது எளிது. ஃபோன் சூடாகாமலே சில நிமிடத்தில் இறங்கினால் நேரக் கட்டுப்பாடு. பின்புறம் கையைச் சுடும் அளவுக்கு இருந்தால் வெப்பம்; நிழலில் கொஞ்ச நேரம் வைத்தால் தானாகத் திரும்பி வரும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கத் தேவையில்லை, திடீரென்று குளிர்ந்தால் உள்ளே ஈரம் படியும் அபாயம் உண்டு. இரண்டும் இல்லாமல், ஒரு கோணத்தில் மட்டும் திரை அறவே கறுத்துப்போனால், கண்ணில் இருக்கும் முனைவாக்கும் வெயில் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அது ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும். திரையிலும் அதே போன்ற ஒரு தாள் இருக்கிறது, இரண்டும் குறுக்கே வந்தால் ஒளி அடைபடும். ஃபோனைச் சற்றுத் திருப்பினாலே மறுபடி தெரியும்.

அந்தத் தாள் ஓஎல்இடியில் எதற்கு இருக்கிறது என்றால், அதுவும் வெயிலுக்காகத்தான். ஓஎல்இடியின் உள்ளே இருக்கும் உலோக மின்முனைகள் கண்ணாடி போலப் பளபளப்பவை. வட்ட முனைவாக்கி என்ற அந்தத் தாள் உள்ளே போகும் வெளி ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மொத்தப் பிரதிபலிப்பு 5 சதவீதத்தோடு நிற்கிறது. அதற்கு விலையாக, திரை உண்டாக்கும் ஒளியிலும் பாதிக்கு மேல் அதுவே விழுங்கிவிடுகிறது. 2021ல் வந்த கேலக்ஸி இசட் ஃபோல்டு 3 போன்ற சில ஃபோன்கள் இந்தத் தாளை எடுத்துவிட்டு, நிற வடிகட்டிகளை வைத்து அதே வேலையைச் செய்யப் பார்க்கின்றன. வென்றால் அதே மின்சாரத்தில் நிட் கணிசமாகக் கூடும்.

பல மணி நேரம் வெளியிலேயே படிக்க வேண்டியவருக்கு இந்த ஓட்டமே தேவையில்லை. மின்னூல் படிக்கும் கருவிகளில் வரும் மின்தாள் திரை தானாக ஒளிர்வதில்லை, தன்மேல் விழும் ஒளியில் சுமார் 40 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. ஒரு லட்சம் லக்ஸ் வெயிலில் அது 12,000 நிட்டைத் தாண்டும். பேட்டரியில் ஒரு துளியும் செலவாகாமல்.